டொராண்டோவில் இரவு ஏழரைக்கு வந்த ‘காலை வணக்கம்’

வணக்கம் மக்களே! கீபோர்டு ரிவ்யூ அடுத்த வீடியோவில் கண்டிப்பாக வரும். இன்றைக்கு, சர்வரில் வேலைகளைக் குறித்த நேரத்துக்குத் தானாக ஓட்டும் கிரானின் ஒரு வரியைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது.

ஒரு நிறுவனத்தின் ஆப்பைச் சரிபார்க்கக் கொடுத்திருந்தார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு நோட்டிஃபிகேஷன், அவ்வளவுதான் வேலை. சர்வர் யூடிசி நேரத்தில் ஓடுகிறது. இந்தியா அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் இப்படி எழுதியிருந்தார்கள்:

```
30 0 * * *
```

முதலில் நிமிடம், அப்புறம் மணி. சென்னைக்குக் கச்சிதம். ஆனால் அதே நொடியில் டொராண்டோவில், குளிர்காலமென்றால், முந்தைய நாள் இரவு 7:30. சாப்பிட உட்கார்ந்தவருக்குக் ‘காலை வணக்கம்’ போகிறது!

புகார் வந்ததும் கனடாவுக்கென்று `0 11 * * *` என்று தனி வரி சேர்த்தார்கள். எனக்கு எரிச்சலே இங்கேதான். குளிர்காலத்தில் அது சரியாக ஆறு மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அன்றிலிருந்து ஏழு மணிக்குத்தான் போகும். நவம்பரில் தானாகச் சரியாகிவிடும், அதனால் யாருமே காரணத்தைத் தேடவில்லை. பயனர் விவரத்தில் `-05:00` என்று சேமிப்பதும் இதே கோளாறுதான். `America/Toronto` என்று நேர மண்டலத்தின் பெயரைச் சேமியுங்கள், கோடை நேர விதி அந்தப் பெயரோடு சேர்ந்தே வரும்.

அப்புறம் கிரானிடம் ‘ஆறு மணி’ என்று சொல்லவே வேண்டாம். `*/15 * * * *` என்று கால் மணிக்கொரு முறை ஓட விடுங்கள். ஒவ்வொருவருக்கும் `next_run_at` என்று அடுத்து அனுப்ப வேண்டிய நேரத்தை யூடிசியில் வைத்து, அது வந்துவிட்டவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். அனுப்பியதும் நாளைக்கான நேரத்தை அவரவர் மண்டலத்தில் கணக்கிடுங்கள். போஸ்ட்கிரஸில் இவ்வளவுதான், `tz` என்பது நாம் சேமித்த மண்டலப் பெயர்:

```sql
((now() AT TIME ZONE tz)::date + 1
  + time '06:00') AT TIME ZONE tz
```

இந்தக் கால் மணிக் கணக்கு எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது! மணிக்கொரு முறை ஓட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சென்னையின் ஆறு மணி யூடிசியில் 00:30, காத்மாண்டுவின் ஆறு மணி 00:15. மணிக்கொரு முறை ஓடினால் சென்னைக்கு ஆறரைக்கும், காத்மாண்டுவுக்கு ஆறே முக்காலுக்கும்தான் போகும். இன்று உலகில் புழங்கும் மண்டலங்கள் எல்லாமே கால் மணிக் கணக்கில் அடங்கிவிடுகின்றன.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். சிலர் கிரான்டேபில் `CRON_TZ` என்று நேர மண்டலத்தைப் போட்டால் போதும் என்பார்கள். குரோனி என்ற கிரான் வகையில் அது வேலை செய்யும். டெபியனின் வழக்கமான கிரானில் செய்யாது, எந்தப் பிழையும் காட்டாமல் சர்வர் நேரத்துக்கே ஓடும்.

இன்னொன்று, டொராண்டோக்காரர் வான்கூவருக்குக் குடிபோனால் ஆப்பைத் திறக்கும்போதே புது மண்டலத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும் `next_run_at`-ஐயும் மாற்றி எழுதுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு வெகு முன்பே அவர் போன் அடிக்கும்.