அஞ்சுவதற்கு எத்தனை சதவீதம் வேண்டும்?

(சேலத்தில் சட்ட மாணவர்களுக்கான சர்வதேசச் சட்டப் பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐந்து ரோட்டில் டிராபிக்கில் மாட்டிக்கொண்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் நீங்கள் எழுதிய விடைத்தாள்களைப் படித்தேன். பாதிப் பேர் ஒரே தவறைச் செய்திருக்கிறீர்கள். "அகதிக்கு அடைக்கலம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1951 அகதிகள் உடன்படிக்கை சொல்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படிச் சொல்லவில்லை.

33ஆம் பிரிவை எடுங்கள். இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்தவர் என்பது, அரசியல் கருத்து ஆகிய காரணங்களால் உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியை எந்த விதத்திலும் திருப்பி அனுப்பாதே என்பதுதான் அதன் சாரம். தங்க வை என்று சொல்லவில்லை, அங்கே அனுப்பாதே என்கிறது. ஆபத்தில்லாத மூன்றாம் நாட்டுக்கு அனுப்பினால் இந்தப் பிரிவு மீறப்படாது. ஆனால் அந்த நாடு அவரைத் தூக்கிப் பழைய இடத்திலேயே போடும் என்றால், அதுவும் "எந்த விதத்திலும்" என்ற சொல்லுக்குள் வந்துவிடும்.

துன்புறுத்தப்படுவோம் என்று ஆதாரமுள்ள அச்சம் கொண்டவரைத்தான் உடன்படிக்கை அகதி என்கிறது. சரி, அந்த ஆபத்து இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இதற்கு நம் ஆட்கள் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

1987இல் பிரிட்டனில் அடைக்கலம் கேட்ட இலங்கைத் தமிழ் இளைஞர்கள் சிலரின் மனுக்களை உள்துறை அமைச்சர் நிராகரித்தார். இலங்கையில் நடப்பது உள்நாட்டுப் போரின் பொதுவான கொடுமை, இவர்களைத் தனியாகக் குறிவைத்த துன்புறுத்தல் அல்ல என்பது அவர் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் மனிதனின் மனதைப் பார்த்தது. சாதாரண துணிச்சலுள்ள ஒருவர் அந்த நிலையில் உண்மையாகவே பயப்படுவார் என்றால் போதும் என்றது. டிசம்பர் மாதம், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றிவிட்டது. சிவகுமாரன் வழக்கு என்று தேர்வில் எழுதுங்கள். பயம் மட்டும் போதாது, பயத்துக்கு வெளியே ஆதாரமும் இருக்க வேண்டும். திரும்பிப் போனால் துன்புறுத்தப்படுவதற்கு "நியாயமான அளவு வாய்ப்பு" இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் நீதிபதிகளில் ஒருவரான கீத் பிரபு.

அந்த அளவு எவ்வளவு? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சிவில் வழக்கில் போல ஐம்பதுக்கு மேல் இருக்க வேண்டியதில்லை. மழை நாளில் ஏற்காடு மலைப்பாதையில் பத்துக்கு ஒரு தடவை பாறை உருளும் என்று தெரிந்தால், உங்கள் தம்பியை பைக்கில் அனுப்புவீர்களா? "தொண்ணூறு சதவீதம் பத்திரம்டா, போ" என்பீர்களா? அதே 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அடைக்கலம் கேட்பதற்குப் பத்து சதவீத வாய்ப்பு கூடப் போதலாம் என்றது. ஆனால் திருப்பி அனுப்பாமல் தடுக்க அமெரிக்கச் சட்டம் பாதிக்கு மேல் கேட்கிறது. பிரபுக்கள் சபை இரண்டுக்கும் ஒரே அளவுகோல் என்றது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

அளவுகோல் தாராளமாக இருந்தும் இளைஞர்கள் தோற்றார்கள். 1988 பிப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். போன பிறகு பிடித்து அடித்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். பிரிட்டிஷ் சட்டத்தில் அப்போது ஒரு விநோதம் இருந்தது. முழு மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் நாட்டைவிட்டு வெளியே போயிருக்க வேண்டும். இலங்கையிலிருந்தபடி செய்தார்கள், 1989இல் ஜெயித்தார்கள். நிராகரித்தபோதே இவர்களுடைய அச்சத்துக்கு அடிப்படை இருந்தது என்று தீர்ப்பாளர் சொல்லி, திரும்ப அழைத்துவரச் சொன்னார். அந்த ஆண்டு அக்டோபரில் லண்டன் வந்து சேர்ந்தார்கள்.

பிறகு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள். அதுதான் வில்வராஜா வழக்கு, 1991. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அங்கே தோல்வி. இவர்களுக்கு இப்படி நடக்கும் என்று அமைச்சர் முன்கூட்டியே ஊகிக்கும்படி தனி அடையாளம் எதுவும் இல்லை என்றது நீதிமன்றம். பின்னால் அடி விழுந்தது என்பதால் மட்டும் முன்னால் எடுத்த முடிவு தவறாகிவிடாது, அனுப்பிய நாளில் தெரிந்ததையும் தெரிந்திருக்க வேண்டியதையும் வைத்துத்தான் கணக்கு. சட்ட ரீதியில் இது புரிகிறது. ஆனால் இலங்கையிலிருந்து ஜெயித்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சேலம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு, உங்களில் சிலருக்கு அங்கே நண்பர்கள் இருப்பார்கள். இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அதனால் உயர் நீதிமன்றத்தில் 33ஆம் பிரிவை மட்டும் நீட்டினால் நிற்காது, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவைப் பிடிக்க வேண்டும். அருணாசலப் பிரதேசத்தில் இருந்த சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குடியுரிமை இல்லாதவரின் உயிரையும் அது காக்கும் என்றது. ஆனால் 2021இல் ரோஹிங்யா வழக்கில், 21 எல்லோருக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டே, நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கான 19ஆம் பிரிவைச் சார்ந்தது என்று சொல்லி இடைக்கால நிவாரணம் மறுத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வாதத்தை நிறுத்த வேண்டும்.

அடுத்த வாரத்துக்கான வேலை: முகாமில் இருக்கும் ஒருவருக்கு வெளியேற்ற உத்தரவு வந்திருக்கிறது, விமானம் வெள்ளிக்கிழமை. மனுவை எழுதி வாருங்கள். இடைக்காலத் தடையைக் கடைசிப் பக்கத்தில் போடாதீர்கள், அதுதான் முதல் வேண்டுதல்.