மாஊன்: கேட்டால் கொடுக்கும் சிறு பொருள்

நேயர்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சென்னை மண்ணடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குர்ஆன் விளக்க வகுப்பு எடுத்து வருகிறேன். அங்கே நாங்கள் நான்கு வாரங்கள் படித்த ஒரு சிறிய அத்தியாயத்தைப் பற்றித்தான் இன்று பேசவிருக்கிறேன். குர்ஆனின் 107ஆம் அத்தியாயமான அல்மாஊன், ஏழே வசனங்கள் கொண்டது. ஐந்து வயதில் மனனம் செய்து தொழுகையில் நாள்தோறும் ஓதுகிற அத்தியாயம் என்பதாலேயே, அதன் பொருளை நின்று பார்க்காமல் கடந்து போவதும் எளிதாகிவிடுகிறது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். “தீர்ப்பைப் பொய்யென்று மறுப்பவனை நீர் பார்த்தீரா? அவன்தான் அநாதையை விரட்டித் தள்ளுபவன். ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவன். ஆகவே, தொழுகையாளிகளுக்குக் கேடுதான். அவர்கள் தங்கள் தொழுகையைப் பற்றிப் பராமுகமாக இருப்பவர்கள்; பிறருக்குக் காட்டுவதற்காகச் செய்பவர்கள்; சிறு பொருள்களையும் கொடுக்க மறுப்பவர்கள்.”

முதல் வாரம் நான் கேட்ட கேள்வி, நான்காம் வசனத்தோடு ஓதுவதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பது. “ஃபவைலுல்லில் முஸல்லீன்”, அதாவது தொழுகையாளிகளுக்குக் கேடு என்று அங்கேயே பேச்சை முடித்துக்கொண்டால் பொருள் தலைகீழாகிவிடும் என்பதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் நான் காட்ட விரும்பியது அந்த வசனத்தின் முதல் எழுத்தை. ‘ஃப’ என்ற அந்த ஒற்றை எழுத்துக்கு ‘ஆகவே’ என்று பொருள். அநாதையைத் தள்ளுவதைப் பற்றிய பேச்சும் தொழுகையைப் பற்றிய பேச்சும் இரண்டு தனித்தனிப் பாடங்கள் அல்ல, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறது என்பதை அந்த எழுத்துதான் சொல்கிறது. முதல் மூன்று வசனங்கள் மக்காவிலும் மற்றவை மதீனாவிலும் அருளப்பட்டன என்று சில விரிவுரையாளர்கள் கருதுகிறார்கள். அப்படியே இருந்தாலும் இணைப்பு அறுபடுவதில்லை.

மூன்றாம் வசனத்தில்தான் எங்கள் வகுப்பு நீண்ட நேரம் நின்றது. “எனக்குச் சம்பளம் இல்லை, பாக்கெட் மணியும் இல்லை, நான் எப்படி உஸ்தாத் ஏழைக்குச் சோறு போடுவேன்?” என்று காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பையன் கேட்டான். வசனத்தை மீண்டும் படிக்கச் சொன்னேன். ‘உணவளிக்காதவன்’ என்று அங்கே இல்லை. ‘யஹுள்ளு’, அதாவது உணவளிக்கத் தூண்டுதல் என்ற சொல்தான் இருக்கிறது. கையில் காசில்லாதவனுக்கும் வாய் இருக்கிறது, அம்மாவிடமும் அண்ணனிடமும் பேச முடியும். ஆகவே இந்த வசனம் பணக்காரரை மட்டும் விசாரிக்கவில்லை, அந்தப் பையனையும் சேர்த்தே விசாரிக்கிறது. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கும் வரிசையில், தூக்குவாளி இல்லாமல் வரும் குழந்தைகளைப் பெரியவர்கள் ஓரமாக நிற்கச் சொல்வார்கள் என்றும், அதைப் பார்த்துக்கொண்டு தான் சும்மா நின்றதுண்டு என்றும் பிறகு அவனே சொன்னான். இரண்டாம் வசனத்தில் வருகிற ‘யதுஃஉ’ என்ற சொல்லுக்கு முரட்டுத்தனமாகத் தள்ளுதல் என்று பொருள். நரகத்தை நோக்கி மனிதர்கள் தள்ளப்படுவதைச் சொல்லும் 52ஆம் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்திலும் இதே சொல்லின் வேர் வருகிறது என்று அவனிடம் காட்டினேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஐந்தாம் வசனத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பயம் இருந்தது. ‘ஸாஹூன்’ என்ற சொல்லை ‘கவனமில்லாதவர்கள்’ என்று படித்துவிட்டு, தொழும்போது மனம் கிரிக்கெட்டுக்கும் பரீட்சைக்கும் ஓடுகிறதே, அப்படியானால் தனக்கும் கேடுதானா என்று ஒரு மாணவி கலங்கிப்போய்க் கேட்டாள். இங்கே ஒரு சிறிய இலக்கண நுட்பம் ஆறுதல் தருகிறது. வசனம் ‘ஃபீ ஸலாத்திஹிம்’, அதாவது தொழுகைக்குள்ளே என்று சொல்லவில்லை. ‘அன் ஸலாத்திஹிம்’, தொழுகையைவிட்டே பராமுகமாக இருப்பது என்று சொல்கிறது. இந்த வேறுபாட்டுக்காக இறைவனுக்கு நன்றி சொன்ன முற்கால அறிஞர்கள் உண்டு. தொழுகைக்குள் வரும் மறதிக்கு ‘சஜ்தா ஸஹ்வு’ என்று, நெற்றியைத் தரையில் வைத்துப் பணியும் இரண்டு சஜ்தாக்கள் இருக்கின்றன, நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும். பரிகாரம் உள்ள பிழை வேறு. தொழுகையை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நேரம் தவறவிடுவதும், பார்ப்பவர் இருந்தால் மட்டும் தொழுவதும் வேறு.

பார்ப்பவர் என்றதும் ஆறாம் வசனத்துக்கு வந்துவிட்டோம். ‘யுராஊன்’ என்றால் பிறர் காணும்படி செய்பவர்கள். முதல் வசனத்தின் ‘பார்த்தீரா’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மழை வெள்ளத்தின்போது உணவுப் பொட்டலம் கொடுப்பவரும் வாங்குபவரும் கேமராவைப் பார்த்து நிற்கும் படங்களை நம் பகுதியில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படம் எடுத்தாலே அது ரியாவா, அதாவது பிறருக்குக் காட்டுவதற்காகச் செய்வதா என்று பிள்ளைகள் கேட்டார்கள். தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைத்து ஏழைக்குக் கொடுப்பது இன்னும் நல்லது என்று குர்ஆன் 2ஆம் அத்தியாயத்தின் 271ஆம் வசனத்தில் சொல்வதால், நான் ஒரேயடியாகத் தடை போடவில்லை. மாறாக, வாங்குபவர் உன் வகுப்புத் தோழனாக இருந்தால் அந்தப் படத்தைப் போடுவாயா என்று திருப்பிக் கேட்டேன்.

கடைசி வசனத்தின் கடைசிச் சொல்லே அத்தியாயத்தின் பெயர். ‘மாஊன்’ என்பது கட்டாய தர்மமான ஸகாத்தைக் குறிக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. நபித்தோழர் இப்னு மஸ்ஊத் அவர்களோ, நபியின் காலத்தில் வாளியையும் சமைக்கும் பானையையும் இரவல் கொடுப்பதைத்தான் மாஊன் என்று கருதினோம் என்றார். பெரும் பாவங்களின் வரிசையில் ஒரு வாளி வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற வடசென்னைத் தெருக்காரர்களுக்கு அது வியப்பாக இருக்காது. லாரி வந்து நின்று, குழாய் திறந்து, மூடுகிற நேரத்துக்குள் கையில் இரண்டாவது குடம் இல்லாதவர் அன்றைய தண்ணீரைப் பாதியாக இழந்தார். பக்கத்து வீட்டில் ஒரு குடம் சும்மா கவிழ்ந்து கிடந்திருக்கும்.

கொடுத்தது திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஏணியை வாங்கிப்போய் உடைத்துக் கொண்டுவந்தவருக்கு மறுபடி கொடுக்கத் தயங்குவதை இந்த வசனம் கண்டிக்கிறது என்று நான் நினைக்கவில்லை. தனக்குத் தேவைப்படாத நேரத்திலும், இழப்பு எதுவுமில்லாதபோதும், இல்லையென்று சொல்லும் பழக்கத்தைத்தான் அது சுட்டுகிறது. சார்ஜர், குடை, கணக்கு நோட்டு, ஐந்து நிமிட ஹாட்ஸ்பாட் என்று தங்கள் மாஊன் எவை என்று பிள்ளைகள் தாங்களே சொன்னார்கள்.

வீட்டில் செய்து வருவதற்கு ஒரே கேள்விதான் கொடுத்தேன். இந்த வாரம் உங்கள் வீட்டு வாசலில் யார் எதைக் கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது என்று எழுதி வாருங்கள். பெயர் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம் என்றேன். அடுத்த ஞாயிறு ஒரு பெண் நீட்டிய தாளில் நான்கே வரி இருந்தது: “எதிர்வீட்டு அக்கா பெரிய அண்டா கேட்டார். இல்லையென்று சொன்னோம். அண்டா பரணில்தான் இருக்கிறது. அப்போது வீட்டில் எல்லோரும் அஸர் தொழுது முடித்திருந்தோம்.”