மாட்டிக்கொண்ட குறிப்பை எப்போது விடுவது?

வணக்கம் நேயர்களே. நேரம் வைத்து நடக்கும் குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு குறிப்பில் மாட்டிக்கொண்டால், அதை எப்போது விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது? இதைத் தப்பாகச் செய்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் முதலில் கலந்துகொண்ட போட்டியில் 30 குறிப்புகள், 30 நிமிடம். சரியான விடைக்கு 10 புள்ளி, தப்புக்குக் கழிவில்லை. மூன்றாவதாக வந்த குறிப்பு: 'வானம் முடியாமல் ஆயுதம் ஏந்த, வளைந்து நிற்பது'. நான்கு எழுத்து. விண், ஆகாயம், அம்பரம் என்று வானத்துக்கு வேறு சொற்களைத் தேடினேன். வாள், வேல், அம்பு என்று ஆயுதங்களை ஒட்டிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. இன்னும் நிறைய நேரம் இருக்கிறதே என்ற தைரியத்தில் 5 நிமிடம் அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். விடை வரவில்லை.

மணி அடித்தபோது கடைசி 5 குறிப்புகளை நான் படிக்கவே இல்லை. அவற்றில் ஒன்று, 'தவம் கலைந்ததால் நேர்ந்த கொலை', மூன்று எழுத்து. தவம் என்ற எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் வதம். பத்து வினாடி வேலை!

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மீதி 25 நிமிடத்தில் 24 குறிப்புகளைத் தொட்டு, 16-க்கு விடை எழுதியிருந்தேன். 160 புள்ளி, அதாவது நிமிடத்துக்கு ஆறு புள்ளிக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் அந்த வானத்துக் குறிப்பில் இன்னொரு நிமிடம் செலவிட, அந்த நிமிடத்துக்குள் விடை கிடைக்கப் பத்துக்கு ஆறு வாய்ப்பாவது இருந்திருக்க வேண்டும். முதல் நிமிடம் முடிந்தபோதே அது இல்லை. 'இவ்வளவு நேரம் போட்டுவிட்டோமே' என்பது இந்தக் கணக்கில் எங்குமே வராது. போன நிமிடங்கள் போனவைதான்.

சரி, போட்டியின் நடுவே யார் வாய்ப்பைக் கணக்கிடுவது? நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. கடைசி இருபது வினாடியில் புதிதாக ஏதாவது தோன்றியதா? வாள், வேல், அம்பு, மறுபடியும் வாள் என்று பழைய சொற்களே சுற்றி வந்தால் கிளம்பிவிட வேண்டும். 'முடியாமல்' என்றால் இயலாமல் அல்ல, கடைசி எழுத்து இல்லாமல் என்று பொறி தட்டியிருந்தால் கதை வேறு. வானம் 'வான' ஆகிவிடும், பாதி விடை கையில். அப்போது எழுந்து போவதுதான் நஷ்டம்.

குறுக்கெழுத்தில் இன்னொரு வசதி உண்டு. விட்டுப்போன குறிப்பு நீங்கள் இல்லாதபோதும் எளிதாகிக்கொண்டே வரும். மேலிருந்து கீழாக 'முளைக்கக் காத்திருப்பது' என்ற குறிப்புக்கு விதை என்று எழுதியதும், வானத்துக் கட்டத்தின் மூன்றாவது எழுத்தாக 'வி' வந்து உட்கார்ந்தது. அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் வில், வானவில் என்று ஐந்து வினாடியில் முடிந்திருக்கும். இப்போதெல்லாம் விட்ட குறிப்பின் எண் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். அதைக் குறுக்கே வெட்டும் எழுத்து விழுந்தால்தான் திரும்பிப் பார்ப்பேன்.

பெரும்பாலோர் தொடக்கத்தில் தாராளமாக உட்கார்ந்துவிட்டு, கடைசியில் பதறிப் பாய்கிறார்கள். என் கணக்கில் அது தலைகீழ். தொடக்கத்தில் படிக்காத எளிய குறிப்புகள் குவிந்து கிடக்கின்றன, ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை அதிகம். அங்கேதான் கறாராக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு முறை படித்து முடித்த பிறகு மிஞ்சுவது கடினமானவை மட்டும். ஒன்றை விட்டு ஓடினாலும் அடுத்ததும் அதே ரகம்தான். அப்போது பொறுமையாக உட்காரலாம்.

புள்ளி முறை மாறினால் கணக்கும் மாறும். 1978-இல் தொடங்கிய அமெரிக்கன் கிராஸ்வேர்ட் பசில் டோர்னமென்ட்டில் ஒரு சொல்லுக்கு 10 புள்ளி, மிச்சப்படுத்தும் ஒவ்வொரு முழு நிமிடத்துக்கும் 25, பிழையே இல்லாமல் முடித்தால் கூடுதலாக 150. ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, எழுந்து கொடுத்துவிடலாமா? அந்த 150 மட்டுமே 6 நிமிடத்துக்குச் சமம். இரண்டொரு நிமிடத்தில் கிடைத்துவிடும் என்று தோன்றினால் அங்கே விடக் கூடாது.

நம் 30 நிமிடப் போட்டிக்கே வருவோம். போன முறை கடைசி 3 நிமிடத்தில் எனக்கு 4 குறிப்புகள் பாக்கி. ஐந்து எழுத்தில் மூன்று நிரம்பியிருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன், அது வந்தது. அடுத்து இரண்டு எழுத்து தெரிந்தது, அதுவும் வந்தது. மற்ற இரண்டிலும் ஒரு எழுத்துகூட இல்லை. அவற்றைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.