கவ்வாத்து வெட்டிய மலையும் செய்மதி காட்டும் ஈரமும்

நேயர்களுக்கு வணக்கம். நிலையத்தார் என்னை அழைத்தபோது, "மண் ஈரத்தைச் செய்மதியிலிருந்து அளப்பது பற்றிப் பேசுங்கள், படம் காட்டாமல் பேசுங்கள்" என்றார்கள். சரி, படம் இல்லாமலே பேசிப் பார்ப்போம். உங்களில் பாதிப்பேருக்குத் தேயிலை மலை தெரியும். எனக்கு அது போதும்.

முதலில் அந்தச் செய்மதி. பெயர் சென்டினல்-1. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2014 ஏப்ரலில் முதலாவதை அனுப்பியது. ஏறக்குறைய 700 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. சாதாரணக் கமரா போல வெயில் வெளிச்சத்தை நம்பி இருப்பதில்லை. தானே வானொலி அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பி வருவதை அளக்கிறது, ரேடார் என்பது அதைத்தான். அந்த அலையின் நீளம் ஐந்தரைச் சென்ரிமீற்றர் அளவு. மேகம் அதற்கு ஒரு தடையே இல்லை. நுவரெலியாவிலும் அட்டனிலும் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும் மேகத்தை நினைத்துப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும். ஒரு செய்மதி 12 நாளுக்கு ஒரு முறை அதே பாதையில் அதே நேரத்துக்கு வரும், விடியலை ஒட்டியோ அந்தி நேரத்திலோ.

ஈரம் எப்படித் தெரிகிறது? மின்புலத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் எதிர்வினை மிகப் பெரியது. அதற்கு ஓர் எண் வைத்திருக்கிறார்கள். காய்ந்த மண்ணுக்கு மூன்று, நான்கு என்றிருக்கும் அந்த எண், தண்ணீருக்கு 80 வரை போகும். மண்ணில் தண்ணீர் ஏற ஏற, அலை உள்ளே இறங்குவது குறைந்து, திரும்பி வருவது கூடுகிறது. திரும்பி வருவதை டெசிபலில் சொல்கிறோம், சத்தத்துக்குச் சொல்கிறோமே, அதே அலகுதான். ஒன்றை மட்டும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்: அந்த அலை பார்ப்பது மேல் மண்ணில் ஐந்து சென்ரிமீற்றரை மட்டும். ஈரமான மண்ணில் அதற்கும் குறைவு. உங்கள் கை விரல் நீளம்கூட இல்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் மாணவர்கள் சிலர் பண்டாரவளைப் பக்கத் தோட்டம் ஒன்றுக்கு ஈரப் படம் தயாரித்தார்கள். வழமையான முறைதான்: ஒவ்வொரு இடத்துக்கும் பல வருடப் படங்களை எடுத்து, மிகக் காய்ந்த நாளில் எவ்வளவு திரும்பியது, மிக நனைந்த நாளில் எவ்வளவு திரும்பியது என்று இரண்டு எல்லை வைப்பது. இன்றைய அளவு அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. ஊவாப் பக்கம் என்றால் ஓகஸ்ட் மாதம் காய்ச்சல், மார்கழியில் நனைப்பு. அட்டன், மஸ்கெலியாப் பக்கம் தலைகீழ், மாசி மாதம் காய்ந்து ஆனி ஆடியில் ஊறிக் கிடக்கும்.

அந்தப் படத்தில் ஓரிடம் கடும் நீலமாக இருந்தது. முழுக்க நனைந்த மண் என்று அர்த்தம். சுற்றியிருந்ததெல்லாம் நடுத்தரம். மாணவர்களுக்குப் பெரிய உற்சாகம், ஊற்றுக்கண் ஏதோ இருக்கிறது என்று. படத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். அங்கே ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இந்தப் பக்கம் ரோட்டு, இந்தப் பக்கம் பெரிய கான், சரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "அப்ப இது ஏழாம் நம்பர். போன மாசம்தான் கவ்வாத்து வெட்டினாங்க. மழை என்ன, நம்பர் பாத்தா பெய்யும்?"

தோட்டத்தில் ஒவ்வொரு மலைத் துண்டுக்கும் ஒரு நம்பர், அந்த நம்பர்தான் அதன் பெயர். ஐயாவின் அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிட்டது. நீலத் திட்டின் ஓரம் ரோட்டையும் கானையும் பிடித்துக்கொண்டு வெட்டினாற்போல நின்றது. ஈரம் அப்படி நிற்காது. அது மலையின் மடிப்பில் இறங்கும், பள்ளத்தில் தேங்கும், மேட்டில் கரையும். ஈரப் படத்தில் நேர்கோட்டு ஓரம் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மனிதர் செய்த வேலையைத்தான்.

அங்கே நடந்தது இதுதான். தேயிலை நன்றாகப் படர்ந்து மேசை கட்டியிருக்கும்போது அது மண்ணுக்குக் குடை பிடித்திருக்கிறது. ஐந்தரைச் சென்ரிமீற்றர் அலை அந்த இலைக்கும் கொப்புக்கும் நடுவில் சிதறிவிடும். மண்ணைத் தொட்டுத் திரும்புவது கொஞ்சம்தான். அதனால் பல வருடப் படங்களில் காய்ந்த நாளுக்கும் நனைந்த நாளுக்கும் வித்தியாசம் ஒரு டெசிபலோ என்னவோ, குறுகிய இடைவெளி. மலைநாட்டில் நான்கைந்து வருடத்துக்கொரு முறை கவ்வாத்து வரும். செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் குடை போய்விட்டது. வெறும் தண்டு, வெட்டிப் போட்ட கொப்பு, மண். இப்போது திரும்பி வருவது பழைய எல்லைகளுக்குள் அடங்கவே அடங்காது. ஏழாம் நம்பரில் அது மேலே தாண்டியது, கணக்கு அதை "நூறு சதவீதத்துக்கும் மேல்" என்று நீலம் பூசியது. வேறு நம்பரில் கீழே தாண்டியும் போகலாம், அப்போது "பாலைவனம்" என்று சிவப்பு பூசும். இரண்டுக்கும் ஈரத்துடன் சம்பந்தம் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கத் தோட்டத்துக்கே போகவேண்டும் என்றில்லை. சென்டினல் ஒரே நேரத்தில் இரண்டு விதமாகக் கேட்கிறது. செங்குத்தாக ஆடும் அலையை அனுப்பிச் செங்குத்தாகவே ஆடித் திரும்புவதைக் கேட்பது ஒன்று, VV என்று கணினியில் இருக்கும். செங்குத்தாக ஆடும் அலையை அனுப்பிக் கிடையாக ஆடித் திரும்புவதைக் கேட்பது மற்றது, VH. இலையும் கொப்பும் அலையைப் பல தடவை மோதித் திருப்பும்போதுதான் VH கூடும். கவ்வாத்து வெட்டியதும் VH சட்டென்று விழுந்து, துளிர் வர வர மாதக்கணக்கில் மெல்ல ஏறும். மழை பெய்தால் அப்படி விழாது. ஆகவே ஒரு நம்பர் முழுக்க VH ஒரே படத்தில் விழுந்திருந்தால், அந்த இடத்து ஈரக் கணக்கைப் பழைய எல்லையில் போடக்கூடாது.

இத்தனையும் சொன்னதால் கவ்வாத்து எங்களுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நேர்மாறு. குடை இல்லாத அந்த சில மாதங்களில்தான் ரேடார் தேயிலை மண்ணை நேராகப் பார்க்கிறது. நிலத்தில் ஈரம் அளக்கும் கருவி குத்திச் சரிபார்க்க வேண்டுமென்றால் நான் தேடிப் போவது கவ்வாத்து வெட்டிய நம்பரைத்தான். பச்சையாக மூடிய மலையில் கருவியைக் குத்தி, செய்மதியுடன் பொருந்துகிறதா என்று பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு கணக்கை வாயாலேயே போட்டுப் பார்ப்போம். எண்கள் குறைவுதான், பயப்பட வேண்டாம். கவ்வாத்து மலை ஒன்றில் புதிதாக இரண்டு எல்லை வைக்கிறோம். மிகக் காய்ந்த நாளில் VV −11 டெசிபல், அன்று மண்ணைத் தோண்டி அளந்தால் 18 சதவீதம் தண்ணீர். மிக நனைந்த நாளில் −7, அன்று 42 சதவீதம். நான்கு டெசிபலுக்கு 24 சதவீதம், அதாவது ஒரு டெசிபலுக்கு ஆறு. இன்னொரு நாள் செய்மதி −8.5 காட்டுகிறது. காய்ந்த எல்லையிலிருந்து இரண்டரை டெசிபல் மேலே, இரண்டரையை ஆறால் பெருக்கினால் 15, பதினெட்டுடன் கூட்டினால் 33. செய்மதி சொல்வது 33 சதவீதம்.

அதே காலையில் மண்ணில் குத்தி வைத்திருக்கும் கருவி 25 காட்டுகிறது. யார் சொல்வது சரி? ஒருவரையும் குற்றம் சொல்லாமல் முதலில் கேளுங்கள், கருவி எந்த ஆழத்தில் இருக்கிறது? 20 சென்ரிமீற்றரில். தேயிலை வேருக்கு அதுதான் தேவை, விவசாயக் கருவிகளை அங்கேதான் வைப்பார்கள். ஆனால் ரேடார் பார்ப்பது மேல் ஐந்தை. முதல் நாள் பின்னேரம் மழை பெய்திருந்தால் மேல் மண் நனைந்து, கீழே தண்ணீர் இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. அதனால் சரிபார்ப்புக்கென்று இன்னொரு கருவியை ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில், கம்பிகள் சரிவுக்குப் படுக்கையாக இருக்கும்படி, குழியின் சுவரிலிருந்து உள்ளே தள்ள வேண்டும். அது 27 காட்டுகிறது.

அந்த 27-ஐயும் நான் நம்புவதில்லை. கருவி தண்ணீரை நேராக அளப்பதில்லை. அதுவும் ரேடார் போலவே அந்த மின் எண்ணைத்தான் அளந்து, தொழிற்சாலையில் போட்ட சூத்திரத்தால் ஈரமாக மாற்றுகிறது. நம் செம்மண் அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. கம்பிக்குப் பக்கத்தில் ஒரு சரளைக்கல்லோ காற்று இடைவெளியோ இருந்தாலும் குறைவாகவே காட்டும். ஆகவே அசல் சாட்சி அடுப்பு. நூறு கன சென்ரிமீற்றர் கொள்ளும் உருக்கு வளையத்தை அதே ஆழத்தில் இறக்கி, மண்ணைக் குலைக்காமல் எடுத்து, இரண்டு பக்கமும் கத்தியால் வழித்து, மூடி நிறுக்கிறோம்: 143 கிராம். 105 பாகை அடுப்பில் ஒரு நாள் முழுக்க வைத்து மறுபடி நிறுக்கிறோம்: 112 கிராம். போனது 31 கிராம் தண்ணீர், நூறு கனத்தில் 31, ஆக 31 சதவீதம். கருவி நான்கு குறைத்துச் சொல்கிறது. பல நாள் எடுத்த வளையங்களிலும் அதே நான்கு வந்தால் திருத்திக்கொள்ளலாம். ஒரு நாளை வைத்துத் திருத்தக்கூடாது.

இப்போது செய்மதி 33, மண் 31. ரேடார் படத்தில் இயல்பாகவே புள்ளி புள்ளியாக ஓர் இரைச்சல் உண்டு. அதனால் ஒரு புள்ளியை நம்பாமல் நம்பர் முழுவதையும் சராசரி எடுக்கிறோம், அப்படியும் அரை டெசிபல் ஆட்டம் மிஞ்சலாம். அரை டெசிபல் என்றால் மூன்று சதவீதம். இரண்டு வித்தியாசத்தை வைத்துச் சண்டை போட ஒன்றும் இல்லை.

அடுத்த படத்தில் இதே மலை 41 என்று காட்டினால்? மழைமானியில் ஒரு சொட்டும் இல்லை, திருத்திய கருவி 24 என்கிறது. அங்கேயும் தோட்டத்து வேலைதான். கவ்வாத்துக்குப் பின் முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறியிருப்பார்கள். கட்டி கட்டியாக எழும்பிய மண், அலை நீளத்துக்கு ஒப்பான கரடு, காய்ந்திருந்தாலும் அலையைக் கூடுதலாகத் திருப்பும். ஈரம் என்றால் அடுத்தடுத்த படங்களில் இறங்கும். கரடு உடனே இறங்காது, மழை அடித்து மண் படியும்வரை நிற்கும். தோட்டத்து வேலைக் குறிப்பை வாங்கி வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது என்பது என் பிடிவாதம்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார்கள். சரிவைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். ரேடார் பக்கவாட்டில் பார்ப்பதால், அதை நோக்கிய சரிவு சுருங்கிப் பளிச்சென்று தெரியும், எதிர்ச் சரிவு மங்கும். தெற்கு நோக்கிப் போகும் பாதையில் கிழக்குச் சரிவு பளிச்சிடும், வடக்கு நோக்கிப் போகும்போது மேற்குச் சரிவு. இரண்டு பாதைப் படங்களையும் கலந்து ஒப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், எல்லோரும் என்னிடம் கேட்பது மண்சரிவு. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை நடந்தது மலையகத்தில் யாருக்கும் மறக்காது. நான் சொன்ன படம் அதற்கு எச்சரிக்கை தராது. மேல் ஐந்து சென்ரிமீற்றர் என்று திரும்பத் திரும்பச் சொன்னேனே, சரிவு பிடுங்குவது பல மீற்றர் ஆழத்தில். படம் 12 நாளுக்கு ஒன்று, மழையோ ஒரே இரவில் கொட்டும். அதற்கு மழைமானியைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விழிப்பாக இருக்கச் சொல்கிறது. 150-ஐத் தாண்டினால் லயத்தை விட்டு வெளியேறச் சொல்கிறது. செய்மதிப் படம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வணக்கம்.