இலவச ரத்து எந்த நிமிடத்தில் முடிகிறது? ஹோட்டல் பதிவை உறுதிசெய்யும் முன்

திரையில்: நுவரெலியா, கிரகரி வாவிக் கரை, ஏப்ரல் மாதக் கூட்டம்.

வணக்கம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒரு ரூம் எடுப்பது எவ்வளவு பாடு என்று மலையகத்தில் இருக்கிற நமக்குத் தெரியும். புத்தாண்டு லீவு, மலர்க்கண்காட்சி, குதிரைப் பந்தயம் எல்லாம் ஒரே மாதத்தில் வந்துவிடும். அதனால் பெப்ரவரியிலேயே பதிவு செய்து வைக்கிறோம். இடையில் இரண்டு மாதம் இருக்கிறதே, அதற்குள் லீவு தள்ளிப்போகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அப்போதுதான் ரத்து விதி என்ன என்று தேடத் தொடங்குவோம். அதைப் பணம் கட்டும் முன் எப்படிப் படிப்பது என்று இன்று பார்ப்போம்.

என் தம்பிக்கு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அவன் டோஹாவில் வேலை செய்கிறான். போன வருஷம் அம்மா அப்பாவை ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குக் கூட்டிப்போக ஒரு ரூம் பதிவு செய்தான். ஏப்ரல் 17 செக்-இன், இரண்டு இரவு, இரவுக்கு 32,000 ரூபா.

திரையில்: Free cancellation before April 15

பச்சை எழுத்தில் இருந்த இந்த ஒரு வரியை நம்பித்தான் பதிவு செய்தான். ஏப்ரல் 14 அன்று மாலை, லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து இரவு 10 மணிக்கு ரூமுக்கு வந்து, "இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு அக்கா, இப்பவே கேன்சல் பண்றேன்" என்று எனக்கு மெசேஜ் போட்டான். ரத்துப் பட்டனை அமர்த்தினால் முதல் இரவுக் கட்டணம் 32,000 ரூபா என்று வருகிறது.

காரணம் நேரம். இந்தக் கெடு ஹோட்டல் இருக்கும் ஊரின் கடிகாரப்படி ஓடும், பதிவு செய்தவருடைய ஊரின்படி ஓடாது. டோஹா நம்மை விட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவனுக்கு இரவு 10 மணி என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30, அதாவது 15ஆம் திகதி. அவனுடைய கடிகாரத்தில் இலவச ரத்து 9.30க்கே முடிந்துவிட்டது.

அந்த வரியில் before என்ற சொல்லையும் கவனியுங்கள். 15க்கு முன் என்றால் 14ஆம் திகதி இரவு 11.59 வரைதான். 15ஆம் திகதி காலையில் செய்யலாம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். சில ஹோட்டல்கள் திகதியே போடாமல் 48 hours prior to check-in என்று மணிக் கணக்கில் எழுதியிருக்கும். செக்-இன் 17ஆம் திகதி பகல் 2 மணி என்றால், 15ஆம் திகதி பகல் 2 மணியோடு சரி. ஒரே பயணத்துக்கு இரண்டு ஹோட்டல்களின் கெடு அரை நாளுக்கு மேல் வித்தியாசப்படுகிறது. அதனால் நாட்களை மனக்கணக்காக எண்ண வேண்டாம். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த ஊர் நேரம் என்ற மூன்றும் தெளிவாகத் தெரிந்த பிறகு உறுதிசெய்யுங்கள்.

திரையில்: ஒரே ரூம், இரண்டு விலை.

அடுத்தது மலிவு விலை. ஹோட்டல் பக்கத்தைத் திறந்தால் ஒரே ரூமுக்கு இரண்டு வரிசை இருக்கும். ஒன்று 32,000, பக்கத்தில் Free cancellation. மற்றது 28,800, பக்கத்தில் சின்ன எழுத்தில் Non-refundable. ரத்து விதி ஹோட்டலுக்குப் பொதுவானது என்று நினைக்கிறோம். உண்மையில் அது நீங்கள் தெரிவு செய்கிற அந்த வரிசையோடு ஒட்டியது. தேடும்போது இலவச ரத்து உள்ள ஹோட்டல் மட்டும் காட்டு என்று வடிகட்டியிருந்தாலும், உள்ளே போனால் மலிவான வரிசை பணம் திரும்பாததாக இருக்கலாம். திகதியை மாற்றினாலும் மறுபடி பாருங்கள். மே மாதத்துக்கு இலவசமாக ரத்து செய்ய விடுகிற ஹோட்டலே ஏப்ரலுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே எடுக்கலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு இரவுக்கு 64,000, அல்லது 57,600. மலிவான வரிசையில் மிச்சம் 6,400 ரூபா. போக முடியாவிட்டால் இழப்பது 57,600. இந்த மாதிரி ஒன்பது பயணத்தில் மிச்சம் பிடித்த காசு, பத்தாவது ஒரு ரத்தில் போய்விடும். பத்துக்கு ஒன்றுக்கு மேல் குழம்ப வாய்ப்புள்ள பயணம் என்றால் 32,000 ரூபா வரிசைதான் உண்மையில் மலிவு. நாளைக்கே கிளம்புகிறோம், பெட்டியும் கட்டியாயிற்று என்றால் மலிவு விலையை எடுக்கலாம், அதில் தப்பில்லை. வெளிநாட்டு லீவை நம்பி இரண்டு மாதம் முன்னால் எடுக்கிற ரூமுக்கு நான் அதைத் தொடவே மாட்டேன்.

பணம் திரும்பாத பதிவில் திகதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அதையும் ரத்தாகவே கணக்கெடுப்பார்கள். மழையில் ரம்பொடைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடினாலும், ஹோட்டல் திறந்திருந்தால் பணம் தானாகத் திரும்பாது. விட்டுக்கொடுப்பது ஹோட்டலின் விருப்பம். கேட்டுப் பார்க்கலாம், எழுத்தில் கேளுங்கள்.

திரையில்: Pay at the property

இதை இலவச ரத்து என்று வாசிக்காதீர்கள். எப்போது பணம் கட்டுவது என்பதை மட்டும்தான் இது சொல்கிறது. கெடு தாண்டி ரத்து செய்தாலோ போகாமல் விட்டாலோ, பதிவின்போது கொடுத்த கார்டிலிருந்து பணம் எடுக்க முடியும். கார்ட் கேட்கிறார்கள் என்றால் அதற்காகவும்தான்.

ரத்து செய்கிற விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஆட்கள் ரிசெப்ஷனுக்கு ஒரு கோல் எடுத்து, "ஐயா, நாங்க வரல" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மறுமுனையில் இருப்பவரும் சரி என்பார். ஆனால் இணையத்தளத்தில் பதிவு உயிரோடுதான் இருக்கும். அன்றிரவு நீங்கள் வராவிட்டால் No-show என்று குறித்து, முழுக் கட்டணமும் எடுக்கப்படலாம். எந்தத் தளத்தில் பதிவு செய்தீர்களோ அங்கேயே ரத்து செய்யுங்கள். ரத்தானது, கட்டணம் பூச்சியம் என்று மின்னஞ்சல் வரும் வரை அந்தப் பக்கத்தை மூட வேண்டாம். கட்டணத்தை விட்டுத்தர ஹோட்டல் சம்மதித்தால் அதையும் தளத்தின் மெசேஜில் எழுதச் சொல்லுங்கள். போனில் சொன்ன வார்த்தைக்கு அத்தாட்சி கிடையாது.

டொலரில் விலை போட்ட பதிவு என்றால் இன்னொன்று. பணம் எடுத்த நாளும் திரும்பிய நாளும் மாற்று விகிதம் வேறாக இருக்கும். முழுப் பணமும் திரும்பியது என்று தளம் சொன்னாலும், வங்கிக் கணக்கில் ரூபாவில் கொஞ்சம் குறையலாம்.

இந்த ஏப்ரலுக்குத் தம்பி மறுபடி பதிவு செய்திருக்கிறான், 32,000 ரூபா வரிசையில். பணம் கட்டும் முன் விலையும் ரத்து விதியும் ஒன்றாகத் தெரிகிற கடைசிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கு அனுப்பினான். கெடு 14ஆம் திகதி இரவு 11.59, இலங்கை நேரம். 13ஆம் திகதி மாலை 6 மணிக்கு என் போனில் அலாரம் வைத்திருக்கிறேன். அது அடித்ததும் அவனிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்: "லீவு கையெழுத்தாகிட்டா?"