தாலாட்டை எழுதியவர் பெயரை எந்தப் பெட்டியில் போடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்காகப் பாடினார். ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு. பாடி முடித்ததும், இசை அடங்குவதற்குள், ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்’ என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். இன்று கேட்கும்போது அது ஒரு மிடுக்கான முத்தாய்ப்பு போல இருக்கும். உண்மையில் அதற்கு ஒரு வேலை இருந்தது. பதிவான மூலத்தட்டு கப்பலேறி ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நகரத்துக்குப் போகும். அங்கே தட்டு அச்சடிப்பவருக்கு நம் மொழி தெரியாது. எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று அவர் தெரிந்துகொள்ளத்தான் பாட்டின் முடிவிலேயே பெயரைச் சொல்லிவைத்தார்கள்.

பாட்டோடு சேர்ந்து பயணம் செய்யும் அந்தப் பெயர்த் தகவலைத்தான் இப்போது மெட்டாடேட்டா என்கிறோம். மதுரையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று வைத்திருக்கிறேன். திரைப்படம் சாராத பாடல்களைப் பதிவுசெய்து, இணைய இசைத்தளங்களில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. அதில் ஒரே ஒரு தாலாட்டுப் பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் பெயர்த் தகவலை நாங்கள் எப்படித் தப்பாக நிரப்பினோம், பிறகு எப்படிச் சரிசெய்தோம் என்று சொல்கிறேன்.

பாட்டை எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை. இசையமைத்தவர் என் நண்பர். பாடிய பெண்ணின் பெயரைக் கௌரி என்று வைத்துக்கொள்வோம். மெட்டு நீலாம்பரியில் அமைந்தது. தூங்கவைக்கும் ராகம் என்று பெயர் பெற்ற ராகம் அல்லவா, அதனால் நண்பர் அதைத் தேர்ந்தெடுத்தார். மிக்ஸிங் முடிந்த அன்று இரவே, பதினொரு மணிக்கு மேல், பாட்டை இசைத்தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனத்தின் படிவத்தைத் திறந்தோம். கலைஞர் என்ற பெட்டியில் கௌரி. இசையமைப்பாளர் என்ற பெட்டியில் நண்பர். பாடலாசிரியர் என்ற பெட்டி ‘மேலும் பங்களிப்பாளர்களைச் சேர்’ என்ற பொத்தானுக்குள் மறைந்திருந்தது. அதைத் திறக்காமலே படிவம் முன்னே போக விட்டது. நாங்களும் போய்விட்டோம்.

பாட்டு வெளிவந்தது. ஆசிரியை கைபேசியில் தேடிப் பார்த்தார். எழுதியவர் என்ற இடத்தில் என் நண்பர் பெயர் மட்டும் இருந்தது. அவர் கோபப்படவில்லை. “பரவாயில்லை தம்பி” என்றுதான் சொன்னார். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இது மரியாதைக் குறைவு என்பதோடு நிற்பதில்லை. ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவு இன்னொன்று. ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து எண் உண்டு. நாட்டுக் குறியீடு இரண்டு, பதிவு வாங்கியவரின் குறியீடு மூன்று, ஆண்டு இரண்டு, வரிசை எண் ஐந்து. படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற வேறு எண். அது T என்ற எழுத்தில் தொடங்கும். விநியோக நிறுவனத்திடம் நாம் கொடுப்பது ஒலிப்பதிவு என்ற சொத்தின் விவரம். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் படைப்பை ஐ.பி.ஆர்.எஸ். என்ற காப்புரிமைச் சங்கத்தில் தனியாகப் பதிய வேண்டும். அங்கே எழுதியவருக்கு A, இசையமைத்தவருக்கு C, இரண்டையும் செய்தவருக்கு CA என்று குறியீடு. 2012-இல் வந்த காப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இந்த இருவரும் தங்கள் ராயல்டி பெறும் உரிமையை வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆனால் சட்டம் தரும் பணம் வந்து சேர வேண்டுமானால், தளத்தில் ஓடிய ஒலிப்பதிவும் சங்கத்தில் பதிந்த படைப்பும் ஒன்றுதான் என்று யாராவது பொருத்திப் பார்க்க வேண்டும். பாட்டின் தலைப்பு, பெயர்கள், எண்கள், இவற்றை வைத்துத்தான் பொருத்துகிறார்கள். ஒரு பக்கம் பாடலாசிரியர் பெயரே இல்லை, இன்னொரு பக்கம் இருக்கிறது என்றால் பொருத்தம் தடுமாறும். பணம் ஆள் தெரியாமல் கிடக்கும்.

சரி, பெயரைச் சேர்த்துவிட்டால் முடிந்ததா? அடுத்த சிக்கல் அங்கேதான் தொடங்கியது. படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். ஆசிரியை தன் கவிதைகளில் ஒரு மாதிரி எழுதுகிறார், வங்கிக் கணக்கில் இன்னொரு மாதிரி, ஆதாரில் மூன்றாவது மாதிரி. நாங்கள் கடைசியில் செய்தது இது. முன்னெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரைக் கடைசிப் பெயராக வைத்து, அதே எழுத்துகளை, அதே இடைவெளியோடு, படிவத்திலும் சங்கப் பதிவிலும் போட்டோம். கலைஞர் பெட்டியில் மேடைப் பெயர் இருக்கலாம், தடையில்லை. எழுதியவர், இசையமைத்தவர் பெட்டிகளில் முழுப் பெயர் வேண்டும். எங்களிடம் இப்போது ஒரு தாள் இருக்கிறது. ஒலிப்பதிவு தொடங்கும் முன்பே மூவரும் தங்கள் பெயரை அதில் தாங்களே எழுத வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் அதே தாளில்.

தமிழ் எழுத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கௌரி என்ற பெயரில் வரும் ‘கௌ’ ஒரே உயிர்மெய். கணினியில் ககரத்தோடு ஔகாரக் குறி ஒன்று சேரும், அவ்வளவுதான். ஆனால் பார்வைக்கு அது ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்று துண்டாகத் தெரிவதால், பலர் ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அது ‘கெளரி’, வேறொரு சொல். எங்கள் பாட்டில் இதுதான் நடந்தது. கௌரி ஏற்கெனவே இரண்டு பாடல்கள் வெளியிட்டிருந்தார். புதுப் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்காராமல், ‘கெளரி’ என்ற பெயரில் புதிதாக ஒரு கலைஞர் பக்கம் முளைத்துவிட்டது. கண்டுபிடிப்பது எளிது. ‘கௌ’ எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு முறை பின்னழியுங்கள். வெறும் ‘க’ மிஞ்சினால் சரியான எழுத்து. ‘கெ’ மிஞ்சினால் அங்கே ஒரு ளகரம் ஒளிந்திருந்தது என்று பொருள். கௌசல்யா, சௌந்தர், மௌனம், ஔவை, எல்லாவற்றிலும் இது வரும். நல்லது என்னவென்றால், எழுத்து சரியாக இருந்தும் அதே பெயரில் வேறு பாடகி இருக்கலாம் என்பதால், பல படிவங்கள் ‘இவருக்கு ஏற்கெனவே பக்கம் இருக்கிறதா’ என்று கேட்டு இணைப்பை வாங்கிக்கொள்கின்றன. அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள்.

மொழி என்ற பெட்டி சின்னதுதான், ஆனால் அதிலும் ஒரு பள்ளம் உண்டு. தலைப்பை ஆங்கில எழுத்தில் அடித்ததும், பலர் மொழியையும் ஆங்கிலம் என்று தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். எழுத்து வேறு, மொழி வேறு. `Thottil` என்று எழுதினாலும் அது தமிழ்ச் சொல், பாடுவதும் தமிழ். ஆங்கிலம் என்று போட்டால் பாட்டு ஆங்கிலத் தாலாட்டுகளின் நடுவே போய் நிற்கும், தமிழ் கேட்பவர் கண்ணில் படாது. இதே பாட்டின் கருவியிசை வடிவத்தையும் வெளியிட்டோம். அதற்கு வரிகள் இல்லாததால் மொழி தேவையில்லை, அதற்கென்று உள்ள தெரிவைப் போட்டோம். அது தனி ஒலிப்பதிவு என்பதால் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணும் தனி. கௌரியின் பெயரை அதில் போடவில்லை, அவர் குரல் அதில் இல்லையே.

அப்புறம் உணர்வும் தேடுசொல்லும். பாட்டில் வரும் தாயின் கணவர் கடல்தாண்டி வேலைக்குப் போயிருக்கிறார். அதனால் என் நண்பர் ‘சோகம்’ என்று குறிக்கச் சொன்னார். நான் மறுத்தேன். உணர்வுப் பெட்டி என்பது பாட்டு எதைப் பற்றியது என்று சொல்லும் இடம் இல்லை. கேட்பவர் எந்த நேரத்தில் அதைத் தேடுவார் என்று சொல்லும் இடம். இரவு ஒன்பது மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தேடுகிறவர் சோகப் பாட்டைத் தேட மாட்டார். அமைதி, உறக்கம் என்று போட்டோம். ஸ்பாட்டிஃபை தளத்தில், பாட்டைப் பட்டியல்களுக்குப் பரிந்துரைக்கும் படிவத்தில் இந்த உணர்வைக் கேட்கிறார்கள். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாக அதை அனுப்ப வேண்டும். வெளிவந்த பாட்டுக்கு அனுப்ப முடியாது. இரவு பதினொரு மணிக்கு அவசரமாக ஏற்றிய எங்கள் பாட்டு அந்த வாய்ப்பை முதல் முறை இழந்தது.

தேடுசொற்களைத் தலைப்புக்குள் திணிக்காதீர்கள். இசைத்தளங்களில் தலைப்பு என்பது பாட்டின் பெயர் மட்டுமே. ‘சிறந்த தமிழ்த் தாலாட்டு, குழந்தை உறங்க’ என்று நீட்டினால் படிவம் திரும்பி வரும். யூடியூபில் அதற்கென்று குறிச்சொல் பெட்டி இருக்கிறது, மொத்தம் 500 எழுத்துகள் வரை. குறிச்சொற்களுக்குத் தேடலில் பெரிய பங்கு இல்லை, மக்கள் அடிக்கடி எழுத்துப்பிழையோடு தேடும் சொற்களுக்கே அவை உதவும் என்று யூடியூபே சொல்கிறது. தமிழுக்கு அது அப்படியே பொருந்தும், ஏனென்றால் ஆங்கில எழுத்தில் நம் சொற்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டு கிடையாது. எங்கள் பெட்டியில் போட்டவை: தாலாட்டு, `thalattu`, `thaalaattu`, `talattu`, கௌரி, `gowri`, `gouri`, `gauri`, நீலாம்பரி, `neelambari`, `nilambari`, ஆராரோ, `araro`, `aararo`. தவறான ‘கெளரி’யையும் இங்கே சேர்த்தோம். பெயர்ப் பெட்டியில் இருக்கக் கூடாத பிழை, தேடுசொல்லில் இருக்கலாம். புகழ்பெற்ற பாடகர் பெயரைச் சேர்த்தால் ஆள் வருவார்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். பாட்டில் இல்லாதவர் பெயரைப் போடுவது அந்தத் தளத்தின் விதிக்கே எதிரானது. அதோடு, அந்தப் பாடகரைத் தேடி வந்தவர் பத்து நொடியில் போய்விடுவார்.

வெளியான பிறகு சரிபார்ப்பது எப்படி? ஸ்பாட்டிஃபையில் பாட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் பங்களித்தோர் பட்டியல் வரும். ஆனால் நாங்கள் பார்த்தபோது அங்கே எழுதியவரும் இசையமைத்தவரும் ஒரே தலைப்பின்கீழ் சேர்ந்து வந்தார்கள், யார் எது என்று தெரியவில்லை. அதற்கு யூடியூபில் விநியோக நிறுவனம் வழியாகத் தானாக உருவாகும் பதிவைத் திறந்து பாருங்கள். அதன் விவரக் குறிப்பு `Provided to YouTube by` என்று தொடங்கும். கீழே `Composer`, `Lyricist` என்று தனித்தனி வரிகள் இருக்கும். பிழை தெரிந்தால் தளத்துக்கு எழுதிப் பயனில்லை. விநியோக நிறுவனத்தின் படிவத்தில் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். பாட்டை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவதாக இருந்தால் பழைய ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையே கொடுங்கள். புது எண் கொடுத்தால் அதுவரை கேட்கப்பட்ட எண்ணிக்கை உங்களோடு வராது.

வானொலிக்கு அனுப்பும் எம்பி3 கோப்புக்கு இதெல்லாம் தானாகப் போய்ச் சேராது. கோப்புக்குள்ளேயே எழுத வேண்டும். பாடலாசிரியருக்கு `TEXT`, இசையமைப்பாளருக்கு `TCOM`, பாடியவருக்கு `TPE1` என்று இடங்கள் இருக்கின்றன. இந்த நிலையத்துக்குப் போன வாரம் அனுப்பிய கோப்பில் மூன்றையும் நிரப்பித்தான் அனுப்பினேன். அறிவிப்பாளர் அம்மா இப்போது அந்தத் தாலாட்டை ஒலிபரப்புவார்கள். பாட்டுக்கு முன்னால் ஆசிரியையின் பெயரை முதலில் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வணக்கம்.