விண்கலத்தை வீழ்த்திய காலிக் கட்டம் | டிரேசபிலிட்டி மேட்ரிக்ஸ்

1999 டிசம்பர் 3. செவ்வாயில் இறங்கிக்கொண்டிருந்த நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் அதன்பின் பேசவே இல்லை. விசாரணைக் குழு மிகவும் சாத்தியமானதாகக் கருதிய காரணத்தைக் கேளுங்கள்: தரைக்கு 40 மீட்டர் மேலே இருக்கும்போதே, தரையைத் தொட்டுவிட்டதாக நம்பி என்ஜின்களை அணைத்துவிட்டது!

இப்படிப்பட்ட ஓட்டையைக் காட்டத்தான் டிரேசபிலிட்டி மேட்ரிக்ஸ். அது என்ன? இடப்பக்கம், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தேவைகள்; வலப்பக்கம் அவற்றைச் சோதிக்கும் டெஸ்ட் கேஸ்கள். டெஸ்ட் இருக்கும் வரிசை பச்சை. எக்செல் போதும். சரி, விண்கலத்துக்குத் திரும்புவோம்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கால்கள் விரியும். அந்த அதிர்வில், தரையைத் தொட்டதைச் சொல்லும் சென்சார்கள் சில மில்லிசெகண்டுகளுக்குப் பொய் சொல்லும். பொறியாளர்களுக்கு இது தெரியும். அதனால் முழு விண்கலத்துக்குமான அமைப்புத் தேவையில் எழுதியும் வைத்தார்கள்: சென்சார்களை விநாடிக்கு 100 முறை படிக்க வேண்டும், விண்கலம் வளிமண்டலத்தில் நுழையும் முன்பே படிக்கத் தொடங்க வேண்டும், ஆனால் 12 மீட்டர் உயரத்துக்கு வரும்வரை அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது.

ஒரே தேவைக்குள் மூன்று கட்டளைகள்! ஒரே வரிசையில் போட்டால், "100 முறை" என்பதற்கான டெஸ்ட் ஒன்றே அந்த வரிசையைப் பச்சையாக்கிவிடும். ஆகவே உடையுங்கள். SYS, SW, TC என்ற அடையாள எண்கள் நான் இட்டவை.

[திரையில்]

```
அமைப்புத் தேவை      மென்பொருள் தேவை   டெஸ்ட்
SYS-1a 100 முறை     SW-a              TC-01
SYS-1b முன்பே தொடங்கு SW-a              TC-02
SYS-1c 12 மீ வரை தடை  ---               ---
```

மூன்றாவது வரிசையைப் பாருங்கள். அந்தக் கடைசி வாக்கியம் மென்பொருள் தேவைகளுக்குள் இறங்கவே இல்லை. பொய்ச் சமிக்ஞையைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. கால்கள் விரிந்தபோது, தரையைத் தொட்டதாகப் பதிவான குறியை மென்பொருள் அழிக்காமல் வைத்திருந்தது. 40 மீட்டரில் சரிபார்ப்புத் தொடங்கியதும் அதையே நம்பியது. மென்பொருள் தேவைகளை மட்டும் வைத்து மேட்ரிக்ஸ் போட்டிருந்தால் எல்லாம் பச்சையாகவே இருந்திருக்கும். "நூறு சதவீதம் முடிந்தது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எந்தத் தேவைப் பட்டியலில் நூறு என்று கேளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். கால்களை விரித்துப் பார்க்கும் சோதனை பூமியில் நடந்தது. ஆனால் அப்போது சென்சார்களின் வயர்கள் தவறாக இணைக்கப்பட்டிருந்தன. பிறகு இணைப்பைச் சரிசெய்தார்கள். சோதனையைத் திரும்பச் செய்யவில்லை. மேட்ரிக்ஸில் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கும், உள்ளே இருப்பது செல்லாத முடிவு! எனவே டெஸ்ட் எண்ணுக்குப் பக்கத்தில், எந்த வன்பொருள் நிலையில், எந்த மென்பொருள் பதிப்பில் ஓடியது என்றும் எழுதுங்கள். அதில் ஏதாவது மாறினால் கட்டம் தானாகச் சிவப்பாக வேண்டும்.

உங்கள் மேட்ரிக்ஸில் "ஆனால்" என்று வரும் தேவைகளைத் தேடி உடைத்துப் பாருங்கள். எத்தனை காலிக் கட்டங்கள் கிடைத்தன என்று கமெண்டில் எழுதுங்கள். மேலாளர் பார்க்காத நேரமாகப் பார்த்து எழுதுங்கள்.